பொடிக் கணக்கை வைத்து எழுதிய கவர் லெட்டர்

பி.காம் முடித்துவிட்டு டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கணக்குப் படித்துவிட்டு இங்கே எதற்கு? கோவையில் ஒரு சிறிய ஏஜென்சி, ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் போட்டிருந்தது. அனுபவம் ஒரு வருடத்துக்குள் இருந்தால் போதும், மெட்டா விளம்பரமும் கூகுள் விளம்பரமும் ஓரளவு தெரிய வேண்டும், எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும், கவர் லெட்டர் கட்டாயம். என் லெட்டர் முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கல்லூரியில் கைமாறி கைமாறி வந்த ஒரு மாதிரிக் கடிதம் எல்லோரிடமும் உண்டு. 'மரியாதைக்குரிய ஐயா அல்லது அம்மையீர்' என்று ஆரம்பித்து, கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர், குழுவாக இயங்குபவர் என்று போய், மேற்கண்ட தகவல்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழியோடு முடியும். உறுதிமொழி பயோடேட்டாவின் அடியில் வரும் சமாச்சாரம், கடிதத்தில் அதற்கு வேலையே இல்லை. மற்ற வரிகள் யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ஆள் எடுப்பவர் அதைப் படித்து என்னைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

சான்றிதழ் இருந்தது. கூகுள் ஸ்கில்ஷாப்பில் தேடல் விளம்பரத் தேர்வு எழுதியிருந்தேன். இலவசம்தான், 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, ஒரு வருடம் செல்லும். ஆனால் விண்ணப்பிக்கும் முக்கால்வாசிப் பேரிடம் அது இருக்கும். அதனால் அதற்கு ஒரு வரியும் ஒரு இணைப்பும் போதும் என்று விட்டுவிட்டேன். கடிதத்தின் நடுப்பகுதிக்கு வேறு சரக்கு வேண்டும். அது ஈரோட்டில் என் சித்தியிடம் இருந்தது.

சித்தி வீட்டிலேயே பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி அரைத்து வாட்ஸ்அப் வழியாக விற்கிறார். கடைசி செமஸ்டரில் அவருக்காக இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் ஓட்டினேன். அழுத்தினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் வகை விளம்பரம் அது. முதல் சுற்றுக்கு 3,000 ரூபாய். விளம்பர மேலாளர் பக்கத்தில் 118 உரையாடல்கள் தொடங்கியதாகக் காட்டியது, அதாவது ஒன்றுக்கு 25 ரூபாய் சொச்சம். பார்க்க அழகான எண். பலர் கடிதத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் உரையாடல் என்றால் விற்பனை ஆகிவிடாது. 'விலை என்ன?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவரும் அந்த 118-இல் ஒருவர். வாட்ஸ்அப்பில் பேசி, ஜிபேயில் பணம் வாங்கும் ஆர்டர் எதுவும் விளம்பர மேலாளருக்குத் தானாகத் தெரியாது. அதனால் விளம்பரத்திலிருந்து வருகிறவர் அனுப்பும் முதல் செய்தியை 'பொடி விலைப்பட்டியல் வேண்டும்' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். அந்த வரியோடு யார் வந்தாலும், வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு லேபிள் ஒட்டிவிடச் சொன்னேன். சிலர் அந்த வரியை அழித்துவிட்டு 'ஹாய்' மட்டும் அனுப்புவார்கள். அவர்களிடம் சித்தியே, "எங்க பார்த்தீங்கம்மா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 20 ஆர்டர்.

இந்த இடத்தில்தான் பி.காம் வேலைக்கு வந்தது. மூன்று பாக்கெட் கொண்ட பெட்டியின் விலை 360 ரூபாய். பொருளும் அரைவைக் கூலியும் 170, பேக்கிங் 25, கூரியர் 55, ஆக 250. ஒரு பெட்டிக்கு மிஞ்சுவது 110. செலவுக் கணக்கியல் வகுப்பில் பங்களிப்பு என்று படிப்போமே, அதுதான் இது. விளம்பரச் செலவு 3,000 என்றாலும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, மொத்தம் 3,540. சித்தி ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர், அந்த 540-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது. அது முழுக்க முழுக்க அவருடைய செலவு. அப்படியானால் ஓர் ஆர்டரைக் கொண்டுவர 177 ரூபாய் போயிருக்கிறது, கையில் மிஞ்சியதோ 110. ஒவ்வொரு ஆர்டருக்கும் 67 ரூபாய் நஷ்டம்.

ஏஜென்சிக்காரர்கள் ரோவாஸ் என்பார்கள், விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்ற கணக்கு. விற்பனை 7,200, அதை 3,000-ஆல் வகுத்தால் 2.4 வரும். இரண்டு மடங்குக்கு மேல், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பெட்டிக்குச் சமநிலைப் புள்ளி எங்கே? 360-ஐ 110-ஆல் வகுத்தால் 3.27. அதற்குக் கீழே எது வந்தாலும் நஷ்டம்தான். வரியையும் சேர்த்தால் எங்களுக்கு வந்தது 2.03.

சித்தியிடம் விளம்பரத்தை மாற்ற வேண்டாம், பெட்டியை மாற்றலாம் என்றேன். ஆறு பாக்கெட் கொண்ட பெட்டி, விலை 690. கூரியர் செலவு இரண்டு மடங்கு ஆகாது, 55-இலிருந்து 80-க்குத்தான் போகும். எல்லாச் செலவும் போக மிஞ்சுவது 230. அதே படம், அதே ஊர்கள், பெட்டியும் விலையும் மட்டும் வேறு. இந்த முறை 2,000 ரூபாய், வரியோடு 2,360. 12 ஆர்டர் வந்தது. ஓர் ஆர்டரைக் கொண்டுவரும் செலவு 197 ஆகக் கொஞ்சம் ஏறியது, ஆனாலும் 230-க்குள் அடங்கிவிட்டது. சுற்று முழுவதற்கும் லாபம் 400 ரூபாய்.

நானூறு ரூபாய் லாபத்தைக் கடிதத்தில் எழுதுவதா என்று என் நண்பன் சிரித்தான். எழுதினேன். கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது, நடுப் பத்தியின் சாரம் இது:

'வீட்டிலிருந்து நடத்தும் ஓர் உணவுப் பொருள் தொழிலுக்காக வாட்ஸ்அப் விளம்பரம் ஓட்டினேன். முதல் சுற்றில் ரோவாஸ் 2.4 என்று தெரிந்தாலும், அந்தப் பொருளின் பங்களிப்பை வைத்துப் பார்த்தால் சமநிலைக்கு 3.27 வேண்டும் என்று கணக்கிட்டேன். வரியையும் சேர்த்து நஷ்டம் 1,340 ரூபாய். விளம்பரத்தை அப்படியே வைத்துப் பெட்டியின் அளவை மட்டும் மாற்றியதில், அடுத்த சுற்று 400 ரூபாய் லாபத்தில் முடிந்தது. இரண்டாம் சுற்றில் ஆர்டர்கள் 12 மட்டுமே, எனவே இதை உறுதியான முடிவாக நான் கருதவில்லை. கணக்குத் தாளின் இணைப்பு கீழே உள்ளது.'

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. உன்னை நீயே ஏன் குறைத்துக்கொள்கிறாய் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 12 ஆர்டரை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக் கூடாது என்பதும் இந்த வேலையில் தெரிந்திருக்க வேண்டியதுதான். படிக்கிறவர் அனுபவசாலியாக இருந்தால் எண்ணைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் நினைப்பார்.

முதல் பத்தி மூன்றே வாக்கியம். எந்த வேலைக்கு, எங்கே பார்த்தேன், இந்த ஏஜென்சிக்கு ஏன். 'ஏன்' என்பதற்குப் புகழ்ச்சி எழுதவில்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பலர் நேரடியாக ஆன்லைனில் விற்கும் துணி, உணவு நிறுவனங்கள் என்பது அவர்கள் தளத்திலேயே இருந்தது. அவர்களுக்கும் ஒவ்வொரு ஆர்டரின் பங்களிப்புதான் தலைவலி, அந்தக் கணக்கு எனக்கு வரும் என்று எழுதினேன். கடைசிப் பத்தியில் தெரியாததையும் சொல்லிவிட்டேன்: கூகுள் விளம்பரத்தில் தேர்வு எழுதியதோடு சரி, சொந்தமாகப் பணம் போட்டு ஓட்டியதில்லை. எப்போதிலிருந்து சேர முடியும் என்பது கடைசி வரி.

அனுப்பும் முன் சித்தியிடம் கேட்டேன். "சித்தி, உங்க பேரு போடாம இந்தக் கணக்கை மட்டும் காட்டிக்கட்டுமா?" அவர், "நஷ்டத்தையுமா காட்டப் போற?" என்று கேட்டுவிட்டுச் சரி என்றார். கணக்குத் தாளில் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் இருந்த நெடுவரிசைகளை நீக்கிவிட்டுப் புதிய நகலாக எடுத்தேன். மறைத்து மட்டும் வைத்தால், நகல் எடுக்கிறவர் திறந்து பார்த்துவிடலாம். பகிர்வை 'இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்' என்று மாற்றி, வேறொரு பிரௌசரில் லாகின் இல்லாமல் திறந்து சரிபார்த்தேன். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் யாரும் மெனக்கெட்டுக் கேட்க மாட்டார்கள். கடிதத்தைத் தனிக் கோப்பாக இணைக்காமல் மின்னஞ்சலிலேயே எழுதினேன், ரெஸ்யூமே மட்டும் பிடிஎஃப். போனில் படிக்கிறவருக்கு அதுதான் வசதி.

நேர்காணலில் மேலாளர் அந்தத் தாளைத் திறந்து வைத்திருந்தார். முதல் கேள்வியே, "முதல் சுற்றில் வந்த 20 பேரில் யாராவது திரும்ப வாங்கினார்களா?" என்பது. ஐந்து பேர், விளம்பரம் இல்லாமலே. அந்த ஐந்துக்கும் 110 வீதம் 550 ரூபாயைச் சேர்த்தால் நஷ்டம் 790-ஆகக் குறையும். கடிதத்தில் இல்லாவிட்டாலும் தாளில் தனி நெடுவரிசையாக இருந்தது, காட்டினேன்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "1,200 ரூபாய் சேலை, மிஞ்சுவது 300. நூற்றுக்கு 20 பார்சல் வாங்காமல் திரும்பி வருகிறது. திரும்பி வரும் ஒவ்வொன்றுக்கும் போக வர கூரியர் 140 நஷ்டம். ஓர் ஆர்டருக்கு அதிகபட்சம் எவ்வளவு விளம்பரச் செலவு செய்யலாம்?" 80 சேலைக்கு 24,000 மிஞ்சும், திரும்பிய 20-க்கு 2,800 போகும், மீதி 21,200. நூறு ஆர்டருக்கு வகுத்தால் 212. "ஜிஎஸ்டி?" என்றார். கடைக்காரர் பதிவு செய்தவரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் விளம்பரத்தின் மீதான வரியை வரவாக எடுத்துக்கொள்ளலாம், 212 அப்படியே நிற்கும் என்றேன். தாளை மடித்து வைத்துவிட்டு, பயிற்சிக் காலத்தில் மூன்று மாதம் அறிக்கை தயாரிக்கும் வேலைதான் இருக்கும், விளம்பரக் கணக்கில் கைவைக்க விட மாட்டோம், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். இப்போது அந்த அறிக்கைகளைத்தான் தயாரித்துக்கொண்டிருக்கிறேன், ரோவாஸ் நெடுவரிசைக்குப் பக்கத்தில் சமநிலை நெடுவரிசை ஒன்றையும் சேர்த்து.