திருகோணமலைப் பட்டறையில் தரச்செலவைப் பிரித்த விதம்

சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் போர்டுகளை மாதம் 2,000 அளவில் பொருத்தும் சிறிய பட்டறை இது. தரத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க நான்கு தலைப்புகள் போட்டோம்: தடுப்பு, பரிசோதனை, பட்டறைக்குள்ளேயே பிடிபடும் உள்ளகத் தோல்வி, விற்றபின் திரும்பி வரும் வெளித் தோல்வி. பெயர் வைப்பது சுலபம். ஒரு செலவு எந்தத் தலைப்பில் விழ வேண்டும் என்பதில்தான் கணக்கு பிசகுகிறது.

டெஸ்ட் மேசையில் ஒரு போர்டுக்கு 3 நிமிடம். 2,000 போர்டுக்கு 100 மணித்தியாலம் வர வேண்டும்; பதிவில் இருந்ததோ 124. கணக்காளர் டெஸ்டரின் சம்பளம் முழுவதையும் பரிசோதனைச் செலவில் எழுதியிருந்தார். மேலதிகமான 24 மணித்தியாலம் பழுது பார்த்துத் திரும்பி வந்த போர்டுகளை மீண்டும் சோதித்த நேரம், அதாவது 480 மறுசோதனை. முதல் முறையே சரியாக வந்திருந்தால் இந்தச் செலவே இல்லை, ஆகவே அது உள்ளகத் தோல்வி. மணிக்கு 400 ரூபாய் என்றால் 9,600 ரூபாய் இடம் மாறியது. இதற்கு டெஸ்ட் பதிவில் ஒரு நிரல் போதும்: முதல் தடவையா, மறுதடவையா.

பழுது பார்த்த நேரம் 24,000, கழித்துவிட்ட 20 போர்டுகள் 36,000 ரூபாய். மறுசோதனையையும் சேர்த்தால் உள்ளகத் தோல்வி 69,600. சரியான பரிசோதனைச் செலவு 40,000. தடுப்புக்கு வெறும் 6,000.

பழுதுச் சீட்டில் தயாரித்த நேரத்தையும் எழுத வைத்ததும் காரணம் பிடிபட்டது. ஐசி கால்களுக்கிடையே ஷோர்ட் ஆன போர்டுகளில் பெரும்பாலானவை காலை முதல் ஒரு மணித்தியாலத்தில் செய்தவை. எட்டு மணிக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோல்டர் பேஸ்ட் டப்பாவை உடனே திறந்திருக்கிறார்கள். மாரி காலக் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த பேஸ்டில் நீராகப் படிகிறது. பேஸ்டை உருக்கிப் பாகங்களைப் போர்டில் ஒட்டும் ரீஃப்ளோ அடுப்பில் அந்த நீர் கொதித்து, கடுகைவிடச் சிறிய ஈய உருண்டைகளைத் தெறிக்க வைக்கிறது. டப்பாவை மூடியபடியே குறைந்தது நான்கு மணித்தியாலம் வெளியில் வைத்துத்தான் திறக்க வேண்டும். இப்போது இரவுக் காவலாளி நான்கு மணிக்கு எடுத்து வைத்து, மூடியில் நேரத்தை எழுதுகிறார். அவருக்கான 3,000 ரூபாய்ப் படி தடுப்புச் செலவில் சேர்கிறது.

அடுத்த மாதம் அதே 2,000 போர்டுக்கு மறுசோதனை 130 ஆகக் குறைந்தது. முதல் சோதனையைக் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. தளர்வாக ஒட்டிய உருண்டை மேசையில் பாஸ் ஆகும். பஸ்ஸில் குலுங்கிப் போனபின் இடம் பெயர்ந்து ஷோர்ட் ஆக்கும்.

வெளித் தோல்வி அந்த முதல் மாதத்தில் 49,000 ரூபாய்: திரும்பி வந்த 14 போர்டுக்கு மாற்றுப் போர்டு 1,800, பார்சல் 900, டெக்னீசியனின் இரண்டு மணித்தியாலம் 800. ஆனால் அவை மூன்று மாதத்துக்கு முன் செய்தவை. ஆகவே சீரியல் இலக்கத்தைப் பார்த்துத் தயாரித்த மாதத்துக்கே ஏற்றுகிறோம். பேஸ்ட் மாற்றத்தின் பலன் இந்தத் தலைப்பில் தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகும். அதுவரை அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.