அழுத்தினால் வலிக்கிறது, அதனால் இதயம் இல்லையா?

இரண்டு வாரம் விடாமல் இருமினேன். இருமல் அடங்கிய மூன்றாம் நாள் காலை, சட்டை மாட்டக் கையைத் தூக்கியபோது இடது மார்பில் சுரீரென்று குத்தியது. மூச்சை இழுத்தால் இன்னும் கூடியது. வயது 46, அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருக்கிறது, அதனால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட்டேன்.

போனதுமே இசிஜி எடுத்தார்கள், மாற்றம் எதுவும் இல்லை. பிறகு டாக்டர், "வலி எங்கே, காட்டுங்கள்" என்றார். ஒரே விரலால் தொட்டுக் காட்டினேன். இதய வலி உள்ளவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையையோ மூடிய கையையோ நடு மார்பில் வைத்துத்தான் காட்டுவார்கள், இடத்தைக் குறித்துச் சொல்ல முடியாது என்றார். அப்புறம் வலது பக்கத்திலிருந்து தொடங்கி, விலா எலும்புகள் நெஞ்செலும்பைச் சேரும் ஓரமாக, ஒவ்வொரு குருத்தெலும்பையும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வந்தார். இடது பக்கம் மூன்றாவது, நான்காவது விலாவில் துள்ளிவிட்டேன்.

"வலிக்கிறது, சரி. காலையிலிருந்து இருக்கும் அதே வலியா, இது வேறா?"

இந்தக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் பலமாக அழுத்தினால் யாருக்கும் அந்த இடம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். எனக்கு அதே வலிதான். இடது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னார், அப்போதும் அதே குத்தல். அங்கே வீக்கம் இல்லை. இருந்திருந்தால் டீட்ஸே என்ற வேறு நோயை நினைக்க வேண்டுமாம். எனக்கு இருப்பது காஸ்டோகாண்ட்ரைட்டிஸ், அதாவது விலாக் குருத்தெலும்பு அழற்சி போலத் தெரிகிறது என்றார்.

அப்படியானால் கிளம்பலாமா என்று கேட்டேன். விடவில்லை. உண்மையான மாரடைப்பு வந்தவர்களிலும் சிலருக்கு மார்பை அழுத்தினால் வலிக்கும், அதை மட்டும் நம்பி என் வயதில் ஒருவரை அனுப்ப முடியாது என்றார். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையை மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்தார்கள். இதயத் தசை சேதமானாலும் அதிலிருந்து கசியும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும் என்பதால் முதல் முடிவு மட்டும் போதாதாம். மூச்சிழுத்தால் வலிப்பதால் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று ஆக்சிஜன் அளவையும் கால் வீக்கத்தையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் வலி குறைந்தால் இதயம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், நடந்தால் அல்லது படியேறினால் மார்பு இறுகி, நின்றால் விட்டாலோ, வியர்வையோடு தாடைக்கோ கைக்கோ பரவினாலோ உடனே வாருங்கள் என்றும் சொன்னார்.

மூன்று வாரமாகியும் வலி போகவில்லை. மறுபடி காட்டியபோதுதான் தெரிந்தது, அதே இடம்தானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள நானே ஒரு நாளில் பத்து தடவை அங்கே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தொடாதீர்கள், ஆறட்டும்" என்றார். விட்டேன், ஆறாவது வாரத்தில் சட்டை மாட்டும்போது வலிக்கவில்லை.