எதிரொலி கேட்காதவரைத் தேடுங்கள்

எங்கள் நிறுவனத்தின் பயனர்களோடு செயலி வழியாக நேரலைக் குரல் உரையாடல் நடத்துவது என் வேலைகளில் ஒன்று. செயலியில் திறக்கும் அந்த உரையாடல் அறையின் மேடையில் ஐந்தாறு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். யார் பேசலாம், யார் கேட்கலாம் என்று முடிவு செய்வது ஹோஸ்ட். அதே ஹோஸ்ட்தான் ஒலியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே மியூட் பட்டன். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருமுறை சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டார். "என் குரல் எனக்கே திரும்ப வருது" என்றார். உடனே மற்றவர்கள் அவரை வெளியேறி மறுபடி வரச் சொன்னார்கள். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ, கோளாறு அவரிடம்தான் என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. உண்மையில் நடப்பது வேறு. அவர் குரல் இன்னொருவரின் ஒலிபெருக்கியில் வெளியே வந்து, அதே ஆளின் திறந்த மைக்கில் நுழைந்து, அறை முழுவதற்கும் திரும்பிப் போகிறது. அந்த இன்னொருவருக்கு மட்டும் அது கேட்காது. ஏனென்றால், ஒருவர் மைக்கில் போகும் ஒலியைச் செயலி அவருக்கே திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே, "எனக்கு எல்லாம் நல்லாத்தானே கேக்குது" என்று யார் சொல்கிறாரோ, அவர் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விருந்தினரைத் தொடர்ந்து பேசச் சொன்னேன். மற்றவர்களை ஒவ்வொருவராக மியூட் செய்தேன். ஒருவரை மியூட் செய்துவிட்டு ஒரு முழு வாக்கியம் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும், ஒலி வந்துசேரத் தாமதமாகும் என்பதால். அவசரப்பட்டால் எந்த மியூட்டில் எதிரொலி நின்றது என்றே தெரியாது. மூன்றாவது ஆளின் மைக் மூடியதும் அறை சுத்தமானது.

அவர் போனில் எதிரொலி நீக்கும் வசதி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் போனில் பேசியபடியே, பக்கத்தில் லேப்டாப்பிலும் அதே அறையைத் திறந்து வைத்திருந்தார். அந்த வசதி, தன் கருவி எதை ஒலிக்கிறதோ அதை மட்டும்தான் மைக்கிலிருந்து கழிக்கும். லேப்டாப்பிலிருந்து சற்றுத் தாமதமாக வரும் குரல் போனுக்குத் தெரியாத குரல், அதனால் அப்படியே உள்ளே விட்டுவிடும். லேப்டாப்பில் அறையை மூடச் சொன்னோம், தீர்ந்தது.

ஒலிச் சிக்கல் தீர்ந்தது, அவர் மனத்தாங்கல் தீரவில்லை. "நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு மியூட் பண்ணீங்க?" என்று பிறகு தனியாகக் கேட்டார். அவர் கோபம் நியாயமானது. பல செயலிகளில் ஹோஸ்ட் ஒருவரை மியூட் செய்யலாம், ஆனால் அவர் மைக்கைத் திறக்க முடியாது, அவரேதான் திறக்க வேண்டும். அனுமதியின்றி யார் வீட்டு மைக்கையும் திறக்கக் கூடாது என்பதால் அது சரியான ஏற்பாடு. ஆனால் ஹோஸ்ட் வாயைத் திறந்து காரணம் சொல்லாவிட்டால், மூடப்பட்டவருக்கு அது வாயை அடைத்ததாகத்தான் தெரியும்.

அதன்பிறகு எங்கள் குழுவில் ஒரு வரையறை வைத்துக்கொண்டோம். மியூட் ஒலிக்கு மட்டும். ஒருவர் நீளமாகப் பேசினால் மியூட் கிடையாது. பெயர் சொல்லி, "ஒரு நிமிஷத்துல முடிச்சுக்கோங்க" என்பேன். அதற்கும் நிறுத்தாவிட்டால், சொல்லிவிட்டே அவரைக் கேட்பவர் வரிசைக்கு மாற்றுவேன். வசைபாடினால் மட்டும் எச்சரிக்கை இல்லாமல் அறையை விட்டு நீக்குவது. இதை ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுகிறோம். பாதியில் வருகிறவர்களுக்காக இடையிலும் ஒருமுறை சொல்கிறோம். மியூட்டையும் கையுயர்த்துபவர்களையும் இணை ஹோஸ்ட் கவனிப்பார். உரையாடலில் கண்ணும் காதுமாக இருக்க வேண்டியவர் அதே நேரத்தில் எதிரொலியையும் துரத்த முடியாது.

பேசப்போகிறவர்களைக் கொஞ்சம் முன்னதாகவே வரவழைத்துச் சோதிப்பதும் அப்புறம் வழக்கமானது. அங்கே அதிகம் மாட்டுவது ப்ளூடூத் ஹெட்செட். கேட்பவராக இருக்கும்வரை ஒலி தெளிவாக இருக்கும். மேடைக்கு ஏற்றி மைக் திறந்ததும், பல ஹெட்செட்டுகள் பாட்டுக் கேட்கும் முறையிலிருந்து தொலைபேசி முறைக்கு மாறிவிடும். 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் இருந்த மாதிரி வீதம், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, 16-க்கோ, பழைய ஹெட்செட்டில் 8-க்கோ இறங்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். இணையம் மோசம் என்று நினைத்து வைஃபையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இணையக் கோளாறு என்றால் குரல் விட்டுவிட்டு வரும். இதில் விட்டுப்போகாது, ஒரே சீராக மங்கியிருக்கும். கணினியில் வருகிறவராக இருந்தால், உள்ளீட்டுக்குக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டைக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். போனில் வருகிறவருக்கு வயர் இயர்போன்தான் சுருக்கமான வழி.