13 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகக் குழு அமைத்த அனுபவம்

கோயம்புத்தூரில் இயந்திர உதிரிபாகங்களை வாங்கி விற்கும் சிறு நிறுவனம் ஒன்றில் நான் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் சம்பளப் பட்டியலில் ஒன்பது பெயர்களே இருந்தன. பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு தேவையில்லை, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவே போதும் என்பதால், அந்தப் பேச்சு எங்களிடம் எழுந்ததே இல்லை. புதிதாகச் சரக்கு வாங்கத் தொடங்கிய ஒரு பெரிய வாடிக்கையாளர், விற்பனையாளர் பதிவுக்கான ஆவணங்களோடு குழுவின் நியமன ஆணையையும் கேட்ட பிறகுதான், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணியாளர் என்ற சொல்லுக்கு என்ன வரையறை தரப்பட்டுள்ளது என்று படித்துப் பார்த்தோம்.

நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தினக்கூலி, ஒப்பந்ததாரர் வழியாக வருபவர், பயிற்சிக்கு வந்திருப்பவர், ஊதியமே பெறாமல் வேலை செய்பவர் என எல்லோரையும் அந்த வரையறை உள்ளடக்குகிறது. எங்களிடம் தொழிற்பழகுநர்கள் இருவர், ஒப்பந்ததாரர் அனுப்பும் துப்புரவுப் பணியாளர் ஒருவர், தினக்கூலிக்கு வரும் வண்டி ஓட்டுநர் ஒருவர் என நான்கு பேர் சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருந்தார்கள். ஆக மொத்தம் 13 பேர். அவர்களில் ஐவர் பெண்கள். சிறு நிறுவனங்கள் பலவும் இந்த முதல் கணக்கிலேயே தம்மை விலக்கிக்கொள்கின்றன என்பது என் கணிப்பு. வருங்கால வைப்புநிதிக் கணக்கில் இருக்கும் பெயர்களை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்து, குழுவில் யார் யார் என்ற கேள்வி வந்தது. தலைமை அலுவலராக அந்தப் பணியிடத்தில் மூத்த நிலையில் உள்ள ஒரு பெண் பணியாளர் இருக்க வேண்டும். பணியாளர்களிலிருந்து குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் வேண்டும். பெண்கள் நலனுக்காக இயங்கும் தொண்டு அமைப்பு ஒன்றிலிருந்தோ, இத்தகைய பிரச்சினைகளில் பழக்கமுள்ளவர்களிலிருந்தோ ஒரு வெளி உறுப்பினர் வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எழுத்தில் இது எளிமையாகவே தெரிகிறது. ஆனால் 13 பேர் உள்ள இடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிக்கல் இருந்தது.

முதலாளி தம் மனைவியைத் தலைமை அலுவலராக்கலாம் என்றார். அவர் பங்குதாரர், படித்தவர், எல்லோரும் மதிப்பவர். அந்த யோசனையில் தீய நோக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் குழு தன் பரிந்துரையை எழுதி முதலாளியிடம்தான் கொடுக்கிறது, அவர் அதன்மீது நடவடிக்கை எடுக்கிறார். நிறுவனத்தை நடத்துபவர்களில் ஒருவரே குழுவுக்கும் தலைமை தாங்கினால், பரிந்துரைப்பவரும் முடிவெடுப்பவரும் ஒருவராகவே ஆகிவிடுவார்கள். மேலும் அவர் பங்குதாரரே தவிரப் பணியாளர் அல்லர். முதலாளிமீதே புகார் எழுந்தால் அது உள்ளகக் குழுவுக்கு வராது, உள்ளூர்க் குழுவுக்குச் செல்லும் என்பதையும் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அதைக் கேட்ட பிறகே அவர் இந்த யோசனையைக் கைவிட்டார்.

இறுதியில் கணக்குப் பிரிவின் தலைவரான அம்மையாரைத் தலைமை அலுவலராக நியமித்தோம். மூத்த நிலை என்பதற்குச் சட்டத்தில் பதவிப்பெயரோ சம்பள அளவோ குறிக்கப்படவில்லை; எங்கள் இடத்தில் மற்றவர்களுக்கு வேலை பிரித்துத் தருபவரும், முதலாளியிடம் மறுத்துப் பேசக்கூடியவருமாக இருந்த ஒரே பெண் அவர்தான். அவரும் இல்லாமல் போயிருந்தால், அதே முதலாளியின் வேறு பணியிடத்திலிருந்தோ வேறொரு நிறுவனத்திலிருந்தோ மூத்த பெண் ஒருவரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது.

உறுப்பினர் எண்ணிக்கைதான் எங்களை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. சட்டப்படி நால்வர் போதும், பெரும்பாலான மாதிரி ஆணைகளிலும் நால்வரே இருக்கிறார்கள். ஆனால் விசாரணை அமர்வு ஒவ்வொன்றிலும் தலைமை அலுவலரையும் சேர்த்துக் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. சிறு நிறுவனத்தில் புகாருக்கு ஆளானவரோ சாட்சியோ குழுவின் உறுப்பினராகவே இருந்துவிட வாய்ப்பு அதிகம். நால்வரில் ஒருவர் அப்படி விலகினால் எஞ்சுவது மூவர். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அமர்வு நடக்காது, ஆனால் விசாரணைக்குரிய 90 நாள்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே விலைப்பட்டியல் பிரிவிலிருந்து ஒரு பெண், கிடங்கு மேற்பார்வையாளர், விற்பனைப் பிரிவிலிருந்து ஓர் ஆண் என உள் உறுப்பினர்களை மூவராக்கி, வெளி உறுப்பினரையும் சேர்த்து ஐவர் கொண்ட குழுவாக அமைத்தோம். மூவர் பெண்கள், இருவர் ஆண்கள். எந்த ஆண் உறுப்பினர் விலகினாலும் பாதிக் கணக்கு கெடாது.

வெளி உறுப்பினராக நிறுவனத்தின் வழக்கறிஞரையே போட்டுவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வரும். அவர் மாதந்தோறும் நம்மிடம் கட்டணம் பெறுபவர்; நாளை தொழிலாளர் வழக்கு ஒன்றில் நிறுவனத்துக்காக வாதிடவும் கூடியவர். வெளியிலிருந்து ஒருவரைச் சேர்ப்பதன் காரணமே நிறுவனத்தின் அழுத்தம் குழுவின்மேல் படாதிருப்பதற்காகத்தான் என்பதால், அவரைத் தவிர்த்துவிட்டுப் பெண்களுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் நீண்டகாலம் பணியாற்றிய ஒருவரை அணுகினோம். அமர்வு நடக்கும் நாளுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தத் தொகைக்கு ஒருவரின் அரை நாளைக் கேட்பது நியாயமாக இல்லை என்பதால் அமர்வுக்கு இவ்வளவு என்று கூடுதலான தொகை ஒன்றைப் பேசி, முடிவு யாருக்குச் சாதகமாக அமைந்தாலும் அது மாறாது என்று கடிதத்தில் எழுதினோம். அப்படி எழுத வேண்டும் என்று கேட்டவர் அவரே.

நியமன ஆணையில் ஐவரின் பெயர், பதவி, தொடர்பு எண், பதவிக்காலம் ஆகியவற்றைக் குறித்தோம். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஆணையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, பாலியல் துன்புறுத்தலுக்கான தண்டனை விளைவுகளைச் சொல்லும் அறிவிப்போடு சேர்த்து, வருகைப்பதிவு இயந்திரத்துக்கு அருகிலும் பெண்கள் ஓய்வறையிலும் ஒட்டினோம். இத்தகைய புகார்களுக்காக மத்திய அரசு நடத்தும் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் குழுவின் விவரங்களைப் பதிந்தோம். இவை சிரமம் தரும் வேலைகள் அல்ல.

சிரமம் எங்கே இருக்கிறது என்பதை வெளி உறுப்பினர்தான் காட்டினார். புகார் எதுவும் வருவதற்கு முன்பே ஒரு கற்பனைப் புகாரை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திப் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்ன கற்பனை இது: துப்புரவுப் பணியாளர், கிடங்கு மேற்பார்வையாளர் தன்னிடம் தொடர்ந்து ஆபாசமாகப் பேசுகிறார் என்று தலைமை அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்கிறார், அவருக்கு எழுதத் தெரியாது.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் எழுத முடியாதவருக்கு எழுதித் தர எல்லா உதவியும் செய்வது தலைமை அலுவலரின் கடமை. எனவே அவர் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ பெற வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். தொடர்ச்சியான செயல்களாக இருந்தால் கடைசிச் செயலிலிருந்து அந்தக் காலம் தொடங்கும். தகுந்த காரணம் இருந்தால் அதை எழுதிவைத்து, குழு மேலும் மூன்று மாதங்கள் வரை ஏற்கலாம். புகாரின் ஆறு படிகள் வேண்டும் என்ற இடத்தில்தான் எங்கள் முதல் ஓட்டை தெரிந்தது: அலுவலகத்தில் ஒரே அச்சு இயந்திரம், அதுவும் எல்லோரும் நடமாடும் கூடத்தில். இரண்டாவது ஓட்டை, வரும் கடிதங்களைப் பதியும் பேரேட்டில் பொருள் என்ற பத்தி. அதில் ஒரு வரி எழுதினாலே புகார் கொடுத்தவர் யார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புகார்தாரர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதற்குச் சட்டத்தில் தடை உண்டு. மீறுபவரிடம் 5,000 ரூபாய் வசூலிக்க விதி இருக்கிறது. எனவே குழுவுக்கென்று தனிப் பேரேடு, பூட்டுள்ள அலமாரி, தலைமை அலுவலரின் அறையில் ஒரு சிறு அச்சு இயந்திரம், அவர் மட்டுமே திறக்கும் மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை ஏற்பாடு செய்தோம்.

கிடங்கு மேற்பார்வையாளர் உறுப்பினராக இருந்ததால் கற்பனையிலேயே அவர் விலக வேண்டியதாயிற்று, ஐவர் வைத்ததன் பயனும் அப்போதே விளங்கிவிட்டது. புகாரின் படி ஏழு வேலை நாள்களுக்குள் அவருக்குப் போக வேண்டும். கிடைத்த பத்து வேலை நாள்களுக்குள் அவர் தம் பதிலையும் ஆவணங்களையும் சாட்சிகளின் பெயர்களையும் தர வேண்டும். இரு தரப்பினரும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது.

இடைக்கால நிவாரணத்தில் நாங்கள் திணறினோம். புகார்தாரர் எழுத்தில் கேட்டால் இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ, புகார்தாரருக்கு மூன்று மாதங்கள் வரை கூடுதல் விடுப்புத் தரவோ குழு பரிந்துரைக்கலாம். ஒரே கட்டடத்தில் இயங்கும் நிறுவனத்தில் யாரை எங்கே மாற்றுவது? “இடம் மாற்ற முடியாவிட்டால் நேரத்தை மாற்றுங்கள் சார், ஆனால் புகார் கொடுத்தவரின் நேரத்தை அல்ல” என்றார் வெளி உறுப்பினர். அதன்படி கிடங்கின் துப்புரவு நேரத்தில் மேற்பார்வையாளர் வெளிவேலைக்குச் செல்வது என்றும், அந்தப் பெண்ணின் வருகைப் பதிவில் அவர் கையெழுத்திடுவதை நிறுத்துவது என்றும் எழுதினோம். பணி மதிப்பீட்டிலிருந்து எதிர்த்தரப்பினரை விலக்கிவைக்க விதிகளிலும் இடம் உண்டு. ஒப்பந்ததாரரிடம் சொல்லி அந்தப் பெண்ணை வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது புகார் கொடுத்ததற்கான தண்டனையாகிவிடும் என்று தலைமை அலுவலரே மறுத்தார்.

விசாரணை முடிந்த பத்து நாள்களுக்குள் அறிக்கை முதலாளிக்கும் இரு தரப்பினருக்கும் போக வேண்டும். பரிந்துரைமீது முதலாளி 60 நாள்களுக்குள் செயல்பட வேண்டும். ஏற்காத தரப்பு 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அறிக்கை எழுதும்போது உறுப்பினர் இருவர், ஆதாரம் இல்லை என்றால் புகாரைப் பொய்ப் புகார் என்று எழுத வேண்டும் என நினைத்தார்கள். நிரூபிக்க முடியாமை வேறு, தீய நோக்கத்தோடு பொய் சொல்வது வேறு. முன்னதற்காகப் புகார்தாரர்மீது நடவடிக்கை கூடாது, பின்னதை நிறுவத் தனி விசாரணை தேவை. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இன்னோர் அமர்வு வைக்க வேண்டியிருந்தது, அது தகும்.

ஆண்டு முடிவில் குழு ஓர் அறிக்கை தயாரித்து, முதலாளிக்கும் மாவட்ட அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். வந்த புகார்கள், முடித்தவை, 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் உள்ளவை, நடத்திய பயிலரங்குகள், எடுத்த நடவடிக்கை ஆகியவை அதில் இருக்கும். புகார் ஏதும் வராததால் எங்கள் முதல் அறிக்கையில் பயிலரங்கைத் தவிர எல்லா இடங்களிலும் இல்லை என்றே எழுதினோம். புகார் இல்லாவிட்டாலும் அறிக்கை உண்டு. அதன் பிறகு விற்பனைப் பிரிவு உறுப்பினர் வேலையை விட்டுச் சென்றார். அவருடைய இடத்துக்குத் தொழிற்பழகுநரான பெண் ஒருவரைப் புதிய ஆணையால் நியமித்து, சுவரில் இருந்த பட்டியலையும் ஷீ-பாக்ஸ் பதிவையும் அதே வாரத்தில் மாற்றினோம்.