பில் எண் 214: ஒரு பாக்கியின் நாட்குறிப்பு

மார்ச் 4

நோட்டுப் புத்தகக் கட்டு வாங்கியவரிடமிருந்து இன்றும் பணம் வரவில்லை. ஜனவரி 12-இல் பில் போட்டேன், 30 நாள் கடன். பிப்ரவரி 11-இல் வந்திருக்க வேண்டும். இன்றோடு 21 நாள் தாண்டிவிட்டது. ஆறு வருடமாக வாங்குகிறவர், ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமலேயே மூன்று வாரத்தை ஓட்டிவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்: "அண்ணே, தொந்தரவுக்கு மன்னிக்கவும். எனக்கும் கொஞ்சம் நெருக்கடி. முடிந்தபோது அந்தப் பாக்கியைப் பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்." அனுப்ப மனம் வரவில்லை.

மார்ச் 5

கணக்கு பார்க்க வரும் அக்காவிடம் அதைக் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இதைப் படிக்கிறவர் எந்தப் பில்லை, எந்தத் தேதிக்குள் கட்டணும் தம்பி?" இரண்டுமே அதில் இல்லை. "முடிந்தபோது என்று நீயே எழுதிக் கொடுத்துட்டா, அவருக்கு முடிகிறபோதுதான் வரும். கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்கிறே, இதில் மன்னிப்பு எதுக்கு?"

கோபத்தில் இன்னொன்றும் எழுதி வைத்திருந்தேன். "இத்தனை வருடப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை" என்று தொடங்கும். அதையும் காட்டினேன். இதற்கு அவர் பதில் சொல்வாரே தவிர, பணம் அனுப்ப மாட்டார் என்றார் அக்கா. சரிதான். அப்படி ஒன்று எனக்கு வந்தால் நானும் சண்டைக்குத்தான் போவேன்.

எழுதுவதற்கு முன் வங்கிக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். சில சமயம் பணம் வேறு பெயரில் வந்து கிடக்குமாம். பார்த்தேன், வரவில்லை.

மார்ச் 6

இதை அனுப்பினேன்:

"வணக்கம் அண்ணே. ஜனவரி 12 தேதியிட்ட பில் எண் 214-க்கான தொகை பிப்ரவரி 11-இல் வரவேண்டியது, இதுவரை வரவில்லை. பில் நகலை இணைத்திருக்கிறேன். மார்ச் 14-க்குள் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதியை மட்டும் சொல்லுங்கள். பில்லில் ஏதாவது சரியில்லை என்றாலும் சொல்லுங்கள், உடனே பார்க்கிறேன்."

"அனுப்பிவிடுங்கள்" என்ற சொல்லில்தான் வெகுநேரம் நின்றேன். "அனுப்ப முடியுமா" என்று போட்டால் முடியாது என்று சொல்ல இடம் இருக்கிறது. "அனுப்பியே ஆகவேண்டும்" என்றால் அதட்டல். கடைசி வரியை அக்கா சேர்க்கச் சொன்னார். பணம் தராமல் பேசாமல் இருப்பவருக்குப் பல நேரம் சொல்லாத குறை ஒன்று இருக்கும் என்பது அவர் அனுபவம்.

மார்ச் 7

காலையிலேயே பதில். "தம்பி, பில்லில் 40 கட்டு இருக்கு, வந்தது 38. அப்பவே உன் பையனிடம் சொன்னேன். திருத்தின பில் வரும்னு இருந்தேன்."

சரக்கு இறக்கிய சீட்டைத் தேடி எடுத்தேன். அவர் கையெழுத்துக்கு மேலே 38 என்றுதான் இருக்கிறது. தவறு எங்கள் பக்கம். நான் 21 நாள் வாய் மூடி இருந்தேன், அவரும் தன் பக்கம் காத்திருந்தார். கோபக் கடிதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

இரண்டு கட்டுக்கான விலையைக் கழித்து வரவுச் சீட்டு போட்டு அனுப்பினேன். தவறுக்கு இங்கே மன்னிப்புக் கேட்டேன், இது கேட்க வேண்டிய இடம். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "மீதி 38 கட்டுக்கான தொகையை மார்ச் 16-க்குள் அனுப்பிவிடுங்கள்" என்று எழுதினேன். இரண்டு கட்டுச் சிக்கலுக்காக மற்ற 38-உம் நின்றுபோகக் கூடாது.

மார்ச் 9

போனில் பேசினார். மொத்தமாக முடியாதாம். பாதி 16-இல், பாதி 30-இல் தருகிறேன் என்றார். ஒத்துக்கொண்டேன். போனை வைத்ததும் இரண்டு தேதியையும் இரண்டு தொகையையும் எழுதி, "நாம் பேசியது இதுதான், மாற்றம் இருந்தால் இன்றே சொல்லுங்கள்" என்று அனுப்பினேன். "சரி" என்று ஒற்றைச் சொல் வந்தது. அது போதும்.

மார்ச் 16

முதல் பாதி வந்தது. வந்ததை உடனே எழுதினேன், மீதி 30-இல் என்பதையும் சேர்த்து.

மாலையில் புதிதாகப் பத்துக் கட்டு கேட்டார். வாய் வரை வந்த "அனுப்புறேன்" என்பதை விழுங்கிவிட்டு எழுதினேன்: "சரக்கை எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணே. 30-ஆம் தேதித் தொகை வந்த அன்றே வண்டியில் ஏற்றிவிடுகிறேன்." கோபிப்பாரோ என்று இருந்தது. "நியாயம்தான்" என்றார்.

மார்ச் 30

பதினொரு மணிக்குப் பணம் வந்தது. பில் எண் 214 முடிந்தது என்று எழுதி அனுப்பினேன். மதியம் பத்துக் கட்டும் ஏறின. இந்த முறை பையனோடு நானும் நின்று எண்ணினேன்.