பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து கட்டாருக்கும் குவைத்துக்கும் போனவர்களிடம் வேலை நிலைமையையும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் பற்றிக் கேட்க ஒரு வினாக்கொத்து தயாரித்தோம். பெயரும் முகவரியும் கேட்கும் படிவம் என்றாலே வன்னியில் ஒரு தயக்கம் உண்டு. போருக்குப் பிறகு எத்தனையோ பதிவுகளில் நின்ற சனம் இது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதோடு முதலாளி பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம் கண்முன்னே இருப்பது. ஓர் அறையில் ஆறேழு பேர், பக்கத்துக் கட்டிலில் மேற்பார்வையாளருக்கு நெருக்கமானவர், கைப்பேசியை யாரும் வாங்கிப் பார்க்கலாம் என்ற நிலை.

ஆகவே கேள்விகளை எழுத்தில் அனுப்பவே இல்லை. அறிமுகத்தை ஊரிலிருந்து தாயோ மனைவியோ செய்வார். பிறகு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில், வெளிநாட்டில் இருப்பவர் சொன்ன நேரத்தில் நாங்கள் அவரை அழைப்போம். பாரமான சொற்களெல்லாம் எங்கள் கேள்விக்குள் இருக்கும்படியும், அவர் 'ஆம்', 'இல்லை' அல்லது ஓர் எண் மட்டும் சொன்னால் போதும் என்றும் எழுதினோம். நடுவில் யாராவது வந்துவிட்டால், "இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு?" என்று அவர் கேட்க வேண்டும். அதோடு வினாக்கொத்தை மூடிவிட்டு, குளத்தையும் வயலையும் பற்றிப் பேசி முடிப்போம். அதற்குப் பிறகு எங்களாக அழைப்பதில்லை.

மிகக் கடினமான கேள்வி, "உங்கள் கடவுச்சீட்டு முதலாளியிடமா இருக்கிறது?" என்பது. கட்டாரில் சட்டம் அதைத் தடுக்கிறது. அதனாலேயே 'ஆம்' என்பது முதலாளி மீதான குற்றச்சாட்டாகிவிடுகிறது. இங்கே, பதில் சொல்லத் தயங்கும் கேள்விகளுக்காக ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் 1965இல் முன்வைத்த வழியை எங்கள் தேவைக்கு மாற்றி எடுத்தோம். பணப்பையிலிருந்து ஒரு பணத்தாளை எடுத்து, அதன் வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தை அவர் மட்டும் பார்ப்பார். அது 0 அல்லது 1 என்றால், உண்மை எதுவானாலும் 'ஆம்'. 2 அல்லது 3 என்றால் 'இல்லை'. மற்ற இலக்கங்களுக்கு உண்மை. ஒருவர் சொன்ன 'ஆம்' அவருடையதா, அந்தத் தாளினுடையதா என்று எங்களுக்கே தெரியாது. நாளை யாராவது எங்களை வற்புறுத்திக் கேட்டாலும் சொல்ல முடியாது.

ஆனால் மொத்தக் கணக்கு தெரியும். 100 பேரில் 44 பேர் 'ஆம்' என்றதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20 பேர் தாளின் கட்டளைப்படி 'ஆம்' என்றவர்கள். மீதி 24 'ஆம்', உண்மை சொன்ன 60 பேருக்குள் கிடைத்தவை. அதாவது 40 வீதமானோரின் கடவுச்சீட்டு முதலாளியிடம். இதற்கு விலையும் உண்டு. நேரடியாகக் கேட்டால் பிழை எல்லை ஏறத்தாழ 10 வீதப் புள்ளிகள், இந்த வழியில் 16. அதே துல்லியம் வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆட்கள் தேவை. ஆகவே இதை இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வைத்தோம்.

இன்னொரு சிக்கல், கடவுச்சீட்டைத் தன் கையிலேயே வைத்திருப்பவர் 0 வந்தாலும் 'ஆம்' சொல்லத் தயங்குவது. அதைக் கண்டுபிடிக்க, முதலில் பயமற்ற ஒரு கேள்வியை இதே முறையில் கேட்டோம்: "ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவரா?" கால்வாசிப் பேர் அப்படி இருப்பார்கள் என்று கொண்டால், 100க்குச் சுமார் 35 'ஆம்' வர வேண்டும். மிகவும் குறைந்தால் விதி விளங்கவில்லை என்று பொருள், விளக்கத்தை மாற்ற வேண்டும். கடவுச்சீட்டுக் கேள்வியில் 'ஆம்' 100க்கு 20ஐவிட மிகவும் கீழே போனால் சிலர் விதியை மீறிப் பாதுகாப்பான பதிலைத் தேடியிருக்கிறார்கள்.

பணம் பற்றிய கேள்வி இலகுவானது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2021இல் வங்கி தந்த நாணயமாற்று வீதத்துக்கும், வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரர் தந்த வீதத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தபோது பலர் உண்டியலில் அனுப்பினார்கள், அதைச் சொல்ல இன்றும் தயங்குகிறார்கள். ஆகவே எந்த வழியில் அனுப்பினீர்கள் என்று தொடங்காமல், கடைசியாக அனுப்பிய பணத்தில் என்ன நடந்தது என்று தொடங்கினோம்: அடகு மீட்டதா, ஏஜென்சிக் கடனா, வீட்டுக் கூரையா? அங்கிருந்து தொகைக்கும், பிறகு பேசிய சம்பளத்துக்கும் கையில் வந்த சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் போகலாம். அவர் சொன்ன தொகையை வீட்டார் சொன்னதோடு ஒப்பிடவே மாட்டோம் என்பதை முன்னரே சொல்லிவிடுவோம். சம்பளத்தைத் தாயிடம் மறைப்பவரும் உண்டு, கடனை மனைவியிடம் மறைப்பவரும் உண்டு.

நிறுவனத்தின் பெயரைக் கேட்கவில்லை. ஊரையும் நாட்டையும் ஒன்றாகப் பதியவில்லை. ஒரு சிற்றூரிலிருந்து குவைத்தில் கனரக வாகனம் ஓட்டுபவர் ஒருவர்தான் என்றால், பெயர் இல்லாமலே அவர் யாரென்று ஊருக்கே தெரியும். அட்டவணையில் 5 பேருக்குக் குறைவான கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்தோம். தொலைபேசி எண்கள் தனிக் கொப்பியில் இருந்தன, அழைப்புகள் முடிந்ததும் அதை எரித்தோம்.

வீட்டுப் பணிப்பெண்களை இந்த வழியில் எட்டவே முடியாது. அவர்கள் வாழ்வது முதலாளியின் வீட்டுக்குள், கைப்பேசி எப்போது கையில் இருக்கும் என்பதும் முதலாளியின் விருப்பம். ஓர் அழைப்பால் ஒரு பெண்ணுக்குத் தீங்கு வருமானால் அந்தத் தரவு நமக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். திரும்பி வந்தவர்களிடம் மட்டும் நேரில் பேசினோம். நிலைமை தாங்காமல் ஒப்பந்தம் முடியுமுன்னே வந்தவர்கள் அவர்களில் கூடுதலாக இருக்கலாம், வரவே முடியாதவர்கள் அதில் இல்லை. ஆகையால் அந்தப் பகுதியில் எந்த வீதமும் கணக்கிடாமல், 'திரும்பி வந்தவர்கள் சொன்னவை' என்றே தலைப்பிட்டோம்.