சுத்திகரிப்பு அட்டவணையில் யீல்ட் 110 வந்தால்

கொழும்பில் உயிர் இரசாயனவியல் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு நொதியச் சுத்திகரிப்புப் பயிற்சியில் பெரும்பாலும் வருவது அமில பொஸ்பற்றேஸ்தான். முளைவிட்ட பயறு போதும். வெள்ளவத்தைக் கடைகளில் எப்போதும் கிடைக்கும். நொதியத்தை எடுப்பதில் அவ்வளவு சிரமமில்லை. கடைசியில் நிரப்ப வேண்டிய அட்டவணையில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடி ஒரே ஒரு எண், ஒரு மில்லிலீற்றரில் எத்தனை யூனிட் என்பது. ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் விளைபொருளைத் தரும் நொதிய அளவை ஒரு யூனிட் என்கிறோம். பாரா-நைட்ரோபீனைல் பொஸ்பேற்றைக் கொடுத்து, 10 நிமிடம் கழித்துக் காரம் சேர்த்துத் தாக்கத்தை நிறுத்தினால் மஞ்சள் நிறம் வரும். அதை 405 நானோமீற்றரில் வாசிக்கிறோம். ஆரம்பச் சாற்றைப் பத்து மடங்கு ஐதாக்கி அதில் 0.1 மி.லீ. எடுத்தோம், காரம் சேர்த்தபின் மொத்தம் 3 மி.லீ., வாசிப்பு 0.555 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படிப் போகும்:

```
0.555 / 18.5 = 0.03 mM
0.03 × 3 ml = 0.09 µmol
0.09 / 10 min = 0.009 U
0.009 / 0.1 ml × 10 = 0.9 U/ml
```

முதல் வரியிலுள்ள 18.5 மஞ்சள் விளைபொருளான பாரா-நைட்ரோபீனோலின் மில்லிமோலர் உறிஞ்சல் குணகம். கடைசி வரியிலுள்ள 10 ஐதாக்கலுக்கானது. அதை விட்டுவிட்டால் அந்த வரிசை முழுவதும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். வெற்று மாதிரிக்கும் நொதியம் சேர்க்க வேண்டும், ஆனால் காரம் ஊற்றிய பிறகு. பயற்றுச் சாற்றுக்கே கொஞ்சம் நிறம் உண்டு, அதைக் கழிக்க வேறு வழியில்லை.

இனி அட்டவணை. எண்களைக் கணக்குக்கு வசதியாக ஒழுங்குபடுத்தியிருக்கிறேன், போக்கு உண்மையில் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

| படி | கனவளவு (மி.லீ.) | மொத்தப் புரதம் (மி.கி.) | மொத்த யூனிட் | யூனிட்/மி.கி. | யீல்ட் % | மடங்கு |
|---|---|---|---|---|---|---|
| ஆரம்பச் சாறு | 100 | 600 | 90 | 0.15 | 100 | 1 |
| அமோனியம் சல்பேற்று, டயலிசிஸ் | 15 | 150 | 99 | 0.66 | 110 | 4.4 |
| அயன் பரிமாற்றக் கொலம் | 20 | 5 | 54 | 10.8 | 60 | 72 |
| ஜெல் வடிகட்டல் | 8 | 1.2 | 32.4 | 27 | 36 | 180 |

மொத்த யூனிட்டை மொத்தப் புரதத்தால் பிரித்தால் ஸ்பெசிபிக் அக்டிவிட்டி. அந்தந்தப் படியின் மொத்த யூனிட்டை முதல் வரிசையின் 90 ஆல் பிரித்தால் யீல்ட். ஸ்பெசிபிக் அக்டிவிட்டியை 0.15 ஆல் பிரித்தால் மடங்கு. சரிபார்க்க ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது: யீல்டின் பின்னத்தை, தொடக்கப் புரதத்துக்கும் அந்தப் படியின் புரதத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் மடங்கு வந்தாக வேண்டும். கடைசி வரிசையில் 0.36 × 600 / 1.2 = 180. வரவில்லையென்றால் எங்கோ கூட்டல் பெருக்கல் பிழைத்திருக்கிறது.

யீல்டும் மடங்கும் இரண்டுமே முதல் வரிசையில்தான் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். அதனால் இரண்டாம் வரிசையின் 110 ஐச் சும்மா கடந்து போக முடியாது. "அண்ணா, அதை நூறாக்கிவிட்டுக் கொடுக்கட்டா?" என்று ஒரு தம்பி கேட்டான். கூடாது. இந்த அட்டவணையிலேயே அதிகம் சொல்லும் எண் அதுதான். நொதியம் கூடவில்லை. ஆரம்பச் சாற்றில் இருந்த நொதியம் முழுதாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

காரணத்தை இந்த நொதியத்திலேயே தேடலாம். பொஸ்பேற்று அமில பொஸ்பற்றேஸின் விளைபொருள், அதோடு அதன் போட்டித் தடுப்பியும் கூட. முளைக்கும் விதையில் பைற்றேற்று உடைந்து பொஸ்பேற்று வெளிவருகிறது. அது அப்படியே சாற்றுக்குள் வந்து நொதியத்தின் தாக்க மையத்தை அடைத்துக்கொள்கிறது. அமோனியம் சல்பேற்றில் புரதம் வீழ்படிவாகும்போது பொஸ்பேற்றின் பெரும்பகுதி மேல் திரவத்தோடு போய்விடும், மிச்சம் டயலிசிஸில் போகும். அதனால்தான் இந்தப் பயிற்சிக்கு pH 5 அசற்றேற்றுத் தாங்கல் கரைசல். பொஸ்பேற்றுத் தாங்கலில் அரைத்தால் நாமே தடுப்பியை ஊற்றியதாகிவிடும்.

ஆனால் இன்னொரு காரணமும் இதே தோற்றத்தைத் தரும். சாறு மிகவும் செறிவாக இருந்து, 10 நிமிடத்துக்குள் தாக்கம் மந்தமாகிவிட்டாலும் முதல் எண் குறைவாகவே வரும். இரண்டையும் பிரித்தறிய ஐதாக்கிப் பார்ப்பது உதவாது, ஏனெனில் ஐதாக்கினால் இரண்டிலுமே யூனிட் ஏறும். நேரத்தை மாற்றிப் பாருங்கள். 5 நிமிட வாசிப்பு 10 நிமிட வாசிப்பின் சரிபாதியாக இருந்தால் தாக்கம் மந்தமாகவில்லை, சந்தேகம் தடுப்பியின் பக்கம். அப்புறம் கலந்து பாருங்கள். டயலிசிஸ் செய்த மாதிரியையும் ஆரம்பச் சாற்றையும் ஒரே குழாயில் சேர்த்து அளக்கும்போது, தனித்தனியாக அளந்ததன் கூட்டுத்தொகையை விடக் குறைவாக வந்தால் சாற்றில் தடுப்பி இருப்பது உறுதி.

திருத்தம் செய்ய, ஆரம்பச் சாற்றில் 2 மி.லீ. எடுத்துத் தனியாக டயலிசிஸ் செய்து மறுபடி அளக்க வேண்டும். பைக்குள் நீர் புகுந்து கனவளவு கூடியிருக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். நம் கணக்கில் அது 1.2 யூனிட்/மி.லீ. என்று வந்தால் தொடக்கம் 120 யூனிட், ஸ்பெசிபிக் அக்டிவிட்டி 0.2. இப்போது இரண்டாம் வரிசையின் யீல்ட் 82.5, கடைசி வரிசையின் யீல்ட் 27, மடங்கு 135. 180 மடங்கு என்று பெருமையாக எழுதியதில் கால்பங்கு தடுப்பியால் வந்த போலி. ஆரம்பச் சாற்றை முதல் நாளே ஊற்றிவிட்டால் இந்தத் திருத்தத்துக்கு வழியே இல்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று மில்லிலீற்றர் பனிக்கட்டியில் ஒதுக்கி வையுங்கள். கொழும்பு வெக்கையில் மேசையில் விட்ட மாதிரியை மாலையில் அளந்து பயனில்லை.

மடங்கு போலியாக ஏற இன்னொரு வழி புரத அளவீடு. ஆரம்பச் சாற்றை 280 நானோமீற்றரில் வாசித்தால் நியூக்கிளிக் அமிலமும் பீனோல்களும் புரதமாக எண்ணப்படும். பிறகு கொலத்துக்குப் பின் பிராட்போர்ட் முறைக்கு மாறினால் புரதம் திடீரென விழுந்தது போலத் தெரியும். கடைசி வரை பிராட்போர்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் விரும்பிக் கேட்கும் ஒரு சிக்கல் இது: 15 மி.லீ. இல் 10 மி.லீ. மட்டும் கொலத்தில் ஏற்றி, 36 யூனிட் வெளியே வந்தது, யீல்ட் என்ன? 36 ஐ 90 ஆல் பிரித்து 40 என்று எழுதுவார்கள். மீதி 5 மி.லீ. இழக்கப்படவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. 36 ஐ 15/10 ஆல் பெருக்கினால் 54, யீல்ட் 60. புரதத்தையும் அதே விகிதத்தால் பெருக்குவதால் ஸ்பெசிபிக் அக்டிவிட்டியும் மடங்கும் அசையாது. அளவீட்டுக்காக எடுத்த மாதிரிகளுக்கும் இதே திருத்தம்தான். 100 மி.லீ. இல் 2 மி.லீ. எடுத்தால் பரவாயில்லை, 8 மி.லீ. இல் 2 மி.லீ. எடுத்துவிட்டுச் சொல்லாமல் விட்டால் கால்பங்கு காணாமல் போய்விடும்.

கடைசிப் படி தேவைதானா என்றும் கேட்பார்கள். ஜெல் வடிகட்டல் சுத்தத்தை 2.5 மடங்கு உயர்த்தி, கையிலிருந்த யூனிட்டில் 40 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. இயக்கவியல் மாறிலிகளை அளக்க மட்டும்தான் நொதியம் என்றால், வேறு பொஸ்பற்றேஸ் கலக்கவில்லை என்று தெரிந்தால் கொலத்தோடு நிறுத்தியிருப்பேன். எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒற்றைப் பட்டை காட்ட வேண்டுமென்றால் அந்த 40 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.